அந்தக் கடிதத்தில் உங்கள் வரி ஒன்றுகூட வேண்டாம்

செத்துப்போன அப்பத்தாவுக்கோ தாத்தாவுக்கோ ஒரு பிள்ளை கடிதம் எழுத உட்கார்ந்தால், வீட்டுப் பெரியவர்கள் உடனே இரண்டு வேலை செய்கிறார்கள். எழுத்துப்பிழை திருத்துகிறார்கள். அப்புறம் "நீங்கள் எங்கிருந்தாலும் எங்களை ஆசீர்வதியுங்கள்" என்று ஒரு வரி சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டும் அன்பினால் செய்வதுதான், தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தாளில் பிள்ளை இருக்காது.

பாம்பன் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் மாலை நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே ஐந்தாவது படிக்கும் ஒரு பாப்பா தன் அப்பத்தாவுக்கு எழுதிய கடிதம்தான் இதை எழுத வைத்தது. அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பகுதிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அந்த அப்பத்தா பாசி எடுக்கப் போனவர். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காக: மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத கடலில், முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, பாறையில் முளைத்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து எடுக்கும் வேலை. பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். பாறை கிழித்துவிடும் என்று விரல்களில் துணி சுற்றிக் கட்டிக்கொள்வார்கள்.

பாப்பா முதலில் எழுதி வந்தது, பள்ளியில் கற்றுக்கொடுத்த கடித வடிவம். அனுப்புநர் எழுதிவிட்டாள். பெறுநரில் நின்றுவிட்டாள், என்ன முகவரி போடுவது? கீழே "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதி அடித்திருந்தாள். "செத்தவங்கள நலமான்னு கேக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள். "உனக்குக் கேக்கணும்னு தோணுதா?" என்றேன். இல்லை என்றாள். அப்படியானால் வேண்டாம். பரீட்சைக் கடிதத்துக்குத்தான் அனுப்புநரும் பெறுநரும் பொருளும் வேண்டும். இந்தக் கடிதத்துக்கு 'அப்பத்தா' என்று ஒரு விளி போதும், அடுத்த வரியிலேயே பேச ஆரம்பித்துவிடலாம்.

'நீ' என்று எழுதியிருந்ததை வீட்டில் யாரோ 'நீங்கள்' என்று மாற்றியிருந்தார்கள். அவள் வாழ்நாளில் அப்பத்தாவை 'நீங்கள்' என்று கூப்பிட்டதே இல்லை. மரியாதை என்று நினைத்துச் செய்ததுதான், ஆனால் அந்த மாற்றத்தோடு கடிதம் வேறு யாருக்கோ போய்விட்டது. திரும்ப 'நீ' போடச் சொன்னேன்.

அடுத்து உள்ளே இருந்தது: "என் அப்பத்தா மிகவும் அன்பானவர். எனக்குப் பல கதைகள் சொல்வார்." கட்டுரைப் பயிற்சியில் எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாட்டிகளைப் பற்றியும் எழுதும் வரி. இதைத் தப்பு என்று சொல்லிவிடக் கூடாது, சொன்னால் பேனா நின்றுவிடும். கேள்வி கேட்க வேண்டும். ஆனால் "அப்பத்தா போனப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை அதற்கு "கவலையா இருந்துச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். கண்ணால் பார்த்ததை, கையால் தொட்டதைக் கேளுங்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: "அப்பத்தா பாசிக்குப் போயிட்டு வந்தா, வந்ததும் நீ என்ன செய்வ?"

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த நேரத்தில் நாம் வாயைத் திறக்காமல் இருப்பது பெரிய பாடு. பிறகு சொன்னாள்: விரலில் கட்டிய துணி நனைந்து முடிச்சு இறுகிப் போயிருக்கும், அப்பத்தா கையை நீட்டும், இவள் பல்லால் கடித்து அவிழ்ப்பாள், உப்பு கரிக்கும், அவிழ்த்த விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். "இப்ப சொன்னத அப்படியே எழுது" என்றேன். எழுதினாள். 'கடிச்சு அவுத்தேன்' என்றுதான் எழுதினாள். நான் அதை 'கடித்து அவிழ்த்தேன்' ஆக்கவில்லை. எழுத்துப்பிழைகளைத் தனித்தாளில் குறித்து வைத்து, மறுநாள் பாட நேரத்தில் சொல்லிக் கொடுத்தேன். கடிதத்தில் எதைத் திருத்துவது என்பதை அவளிடமே விட்டேன். இரண்டு மூன்றை மட்டும் மாற்றிக்கொண்டாள். ஓரிடத்தில் 'இருக்க' என்றும் அடுத்த வரியில் 'இருந்த' என்றும் வரும். அதையும் தொடவில்லை. போனவரைப் பற்றிப் பேசும்போது காலம் அப்படித்தான் முன்னும் பின்னும் போகும், பெரியவர்களுக்கே போகிறது.

(இன்னும் எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை என்றால், அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அதன் வார்த்தையிலேயே. எழுதியதை வாசித்துக் காட்டி "இப்படித்தான சொன்ன?" என்று கேளுங்கள்.)

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மறுபக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "அன்னைக்கு நீ தண்ணி கேட்ட. நான் டிவி பாத்துக்கிட்டு அப்பறம் தர்றேன்னு சொன்னேன். அதனாலதான் நீ செத்துப் போன."

இதைப் பார்த்த அவள் அத்தை பதறிப்போய்த் தாளைக் கிழிக்கப் போனார். கிழித்திருந்தால் எழுத்துதான் போயிருக்கும், நினைப்பு உள்ளேயே கிடந்திருக்கும். ஒரு சாவுக்குத் தான் செய்ததோ சொன்னதோதான் காரணம் என்று பிள்ளைகள் நம்பிக்கொள்வது அபூர்வம் இல்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கடிதத்தில்தான் வரும். இந்த வரியைக் கண்டால் எழுத்து வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்று நேராகச் சொல்ல வேண்டும். "அப்படியெல்லாம் நினைக்காத கண்ணு" என்பது பதில் ஆகாது. "சாமிகிட்ட தூங்குது", "ஊருக்குப் போயிருக்கு" என்பதும் உதவாது. சின்னப் பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பி வருமென்று காத்திருப்பார்கள், சிலர் தூங்கவே பயப்படுவார்கள்.

இந்த விஷயத்தில் உண்மை தெரிந்தவர் அவள் அம்மா, ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர். அவரையே சொல்லச் சொன்னேன். அப்பத்தாவுக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, டாக்டர் அப்படித்தான் சொன்னார், தண்ணீர் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்ததால் அந்த அடைப்பு வரவில்லை, உடனே கொடுத்திருந்தாலும் வந்திருக்கும் என்று அம்மா சொன்னார். செத்துப்போனது என்றே சொன்னார், மழுப்பவில்லை. பாப்பா அதே கேள்வியை மறுநாளும் கேட்டாள், அம்மா மறுநாளும் அதே பதிலைச் சொன்னார். அப்படித் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும்.

பிறகு தாளை எடுத்து மூன்றாவது வாக்கியத்தை அவளே அடித்தாள். முதல் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டாள். கீழே எழுதினாள்: "அம்மா சொல்லிச்சு அதனால இல்லன்னு. ஆனாலும் தண்ணி குடுத்துருக்கலாம்."

நானோ நீங்களோ சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த வரி வந்திருக்குமா? "மன்னித்துவிடுங்கள் அப்பத்தா" என்றுதான் எழுதச் சொல்லியிருப்போம். பெரியவர் செய்ய வேண்டியது உண்மையைக் கொடுப்பது மட்டும். அதை வைத்து என்ன எழுதுவது என்பது பிள்ளையின் வேலை.

கடிதத்தால் ஆகாத நேரமும் உண்டு. வாரக்கணக்கில் சரியாகத் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால், பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்றால், "நானும் அப்பத்தாகிட்ட போறேன்" என்று சொன்னால், கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

எழுதி முடித்த கடிதத்தை என்ன செய்வது என்பதையும் பிள்ளைதான் சொல்ல வேண்டும். படத்துக்குப் பின்னால் வைக்கலாம், ஒளித்து வைக்கலாம், கிழித்தும் போடலாம். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வருஷத் திதிக்கு எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லலாமா என்று சித்தப்பா ஒருவர் கேட்டார். பாப்பாவிடம் கேட்டோம். விரல் துணி அவிழ்த்ததை வாசிக்கலாம், மறுபக்கத்தை வாசிக்கக் கூடாது என்றாள். சித்தப்பாவும் சரி என்று ஒத்துக்கொண்டார்.