மாதவரம் போர் தண்ணிக்கு எதுக்குய்யா அருவிப் பேரு?

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கேன் லேபிளைப் பற்றித்தான். கம்பெனிப் பெயர் வேண்டாம். "குற்றால அருவி ப்யூர் மினரல்" மாதிரியான பெயர், பின்னால் கொட்டும் அருவிப் படம். உள்ளே இருப்பதோ மாதவரத்தில் போர் போட்டு எடுத்து ஆர்.ஓ. செய்த தண்ணீர். தண்ணீர் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. பெயர் பொய் சொல்கிறது என்கிறேன்.

ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் எடுத்த தண்ணீராக இருந்தால்தான் பிராண்டில் அந்த ஊர்ப் பெயர் வரலாம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று குழப்பும் படமும் கூடாது. அப்புறம் "மினரல்". இயற்கை ஊற்றிலிருந்து வரும் மினரல் வாட்டருக்குத் தனித் தரம், ஐ.எஸ். 13428. நம் தெருவுக்கு வரும் கேன் ஐ.எஸ். 14543 வகை, வெறும் பாக்கேஜ்டு குடிநீர். ஆர்.ஓ. என்பதே தாதுக்களை வடிகட்டி எடுக்கிற வேலை. அதை முடித்துவிட்டு மினரல் என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

"ப்யூர்" பற்றிக் கேட்டால் "அதான் கீழே போட்டிருக்கோமே" என்கிறார்கள். 2018 உணவு விளம்பர விதிப்படி ப்யூர், ஃப்ரெஷ், நேச்சுரல் போன்ற சொல் பிராண்டில் வந்து ஆளை ஏமாற்றும்படி இருந்தால், "இது பிராண்டு பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது" என்று 3 மி.மீ.க்குக் குறையாத எழுத்தில் போட வேண்டும். போட்டிருக்கிறார்கள், லேபிள் ஒட்டு மடிப்புக்குள், வெளிர்நீலத்தின் மேல் வெள்ளை எழுத்தில். வியாசர்பாடியில் மூன்றாவது மாடிக்குக் கேன் தூக்கிப் போகிறவர் அதைத் தேடிப் படிப்பாரா? பெயரைத்தான் படிப்பார்.

"சின்ன வியாபாரி வயித்துல அடிக்காதீங்க" என்று வருவீர்கள். அந்த வியாபாரிக்காகவும்தான் பேசுகிறேன். ப்யூர், அக்வா, மினரல் எல்லாம் பொருளை வர்ணிக்கிற பொதுச்சொற்கள். அவற்றை மட்டும் வைத்து டிரேட்மார்க் கேட்டால் 9-வது பிரிவைக் காட்டி மறுப்பார்கள். நாளைக்கு எதிர்த் தெருக்காரர் அதே பெயரில் கேன் போட்டால் தடுக்க முடியாது. "தோணி" என்று வைத்துப் பாருங்கள். காசிமேட்டுக்காரர் வாயில் சட்டென்று வரும், போனில் சொன்னாலும் பிசகாது, தண்ணீரைப் பற்றி எந்த வாக்கும் கொடுக்காது. லேபிள் அச்சுக்குக் கொடுக்கும் முன் டிரேட்மார்க் பதிவேட்டில், குடிநீர் வரும் 32-வது வகுப்பில் அதே பெயரோ அதே ஓசையில் இன்னொன்றோ இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். சுத்தத்தைச் சொல்ல உரிம எண், பேட்ச் எண், அடைத்த தேதி இருக்கின்றன. அவற்றைப் பெரிதாகப் போடுங்கள்.

"பெரிய கம்பெனிக்காரன் பண்ணலையா?" பண்ணினான். கெட்டியாக்கிய சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்த ஜூஸை "100% பழச்சாறு" என்று விற்றதால்தான் அந்த வாசகத்தை எடுக்கச் சொல்லி 2024 ஜூனில் உத்தரவே வந்தது. அவன் செய்தால் நீங்களும் செய்வீர்களா? இங்கே குழாய்த் தண்ணீரை நம்ப முடியாமல்தான் ஜனங்கள் காசு கொடுத்துக் கேன் வாங்குகிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் கரைப்பதும் அதில்தான். அவர்களிடமா அருவி என்று சொல்கிறீர்கள்? மாதவரம் என்று போடுங்கள், வாங்குவார்கள்.