காசை வாங்கிக்கொண்டு அப்புறம் "நீ யார்?" என்று கேட்கிறார்கள்

ஆப் எழுதுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை, மக்களே. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்காக ஒரு கணக்கு ஆப் செய்தேன். யார் எந்தத் தோட்டத்தில் வெட்டினார், எத்தனை ஷீட் வந்தது, ஒட்டுப்பால் எத்தனை கிலோ, வாரக் கூலி எவ்வளவு, இவ்வளவுதான். இண்டர்நெட்டே வேண்டாம். அதை ப்ளே ஸ்டோரில் ஏற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

முதலில் கூகுளில் டெவலப்பர் கணக்கு திறக்கப் பதிவுக் கட்டணம், 25 டாலர். ஒரே தடவைதான், சரி. ஐபோன்காரர்கள் வருஷத்துக்கு 99 டாலர் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் நான் எட்டியே பார்க்கவில்லை. எரிச்சல் தொகையில் இல்லை, அதைக் கட்டுவதில் இருக்கிறது. 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் தானாக வேலை செய்யும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் ஆன்லைன் பயன்பாட்டையும் நாமே பேங்க் ஆப்பில் திறந்துவிட வேண்டும். இதை யார் சொல்கிறார்கள்? பணம் போகவில்லை என்று ஒரு வரி வரும். காரணம் மட்டும் வராது.

அவசரத்துக்குச் சித்தப்பாவின் கார்டைப் போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். கார்டும் அடையாள அட்டையும் உங்கள் சட்டப்பூர்வப் பெயரில் இருக்க வேண்டும் என்பது விதி. கொடுத்த விவரம் செல்லாது என்று முடிவானால் கட்டணம் திரும்பி வராது. அதாவது காசு முதலில், ஆள் சரிபார்ப்பு அப்புறம். டிக்கெட்டைக் கிழித்துவிட்டு "இந்த பஸ்ஸில் உனக்கு இடம் உண்டா என்று பார்க்கிறேன், இல்லையென்றால் இறங்கு, காசு திரும்பக் கிடையாது" என்று சொல்கிற கண்டக்டரை வடசேரி ஸ்டாண்டில் விட்டுவைப்பார்களா?

இந்த "சட்டப்பூர்வப் பெயர்" இருக்கிறதே, அதுதான் நம்மைப் போட்டு வாட்டுகிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். பான் அட்டையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரையே எனக்குக் கடைசிப் பெயராக்கிவிட்டார்கள். ஊர்ப் பெயர் ஒன்றில் Kulasekharam, மற்றதில் Kulasekaram. மாவட்டம் ஒன்றில் Kanniyakumari, இன்னொன்றில் Kanyakumari. கூகுளில் பணம் கட்டத் திறக்கும் பேமென்ட்ஸ் ப்ரொஃபைலில் இருக்கும் பெயரும் முகவரியும் காட்டுகிற ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதனால் ஒரே ஓர் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ப்ரொஃபைலில் அடியுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால். பான் அட்டையில் முகவரியே கிடையாது என்பதையும் கவனியுங்கள். தனியாக முகவரிச் சான்று கேட்டால் கரண்ட் பில்லைக் காட்டலாம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டு பில் இன்னும் தாத்தா பெயரில்தான் வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அவர் பெயரிலா டெவலப்பர் கணக்கு திறக்க?

சரி, எல்லாம் தேறிவிட்டது, இனி வெளியிடலாம் என்று பார்த்தால் அடுத்த பூட்டு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை வைத்து, தொடர்ந்து 14 நாள், நாம் அழைத்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கும் மூடிய சோதனை நடத்தின பிறகுதான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். முதலில் 20 பேர் கேட்டார்கள், அப்புறம்தான் குறைத்தார்கள். அதுவே பெரிய தயவாம்.

12 பேர் என்றால் ஒரு டீக்கடையில் கிடைத்துவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய ஜிமெயில்? விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகிற அண்ணனிடம் கேட்டால், "அது மவன் போட்டுத் தந்தது, எனக்கு எங்க தெரியும்" என்கிறார். போனில் இரண்டு கணக்கு இருக்கும். பட்டியலில் நான் சேர்த்தது ஒன்று, பிரவுசரில் திறந்திருப்பது மற்றது. அழைப்பு லிங்க்கைத் தட்டினால் ஆப் கிடைக்கவில்லை என்று வரும். உடனே "உன் ஆப் வேலை செய்யல்ல" என்று எனக்குத்தான் போன். கணக்கை மாற்றி மறுபடியும் லிங்க்கைத் திறந்து, சேர சம்மதம் கொடுத்த பிறகுதான் அவர் எண்ணிக்கையில் வருவார். நடுவில் யாராவது விலகி 12-க்குக் கீழே போனால் அந்தத் தொடர்ச்சியும் போச்சு. கூடுதலாக நாலைந்து பேரைச் சேர்த்து வைப்பதுதான் வழி.

நிறுவனக் கணக்குக்கு இந்தச் சோதனை கிடையாது. அதற்கு D-U-N-S என்று நிறுவனங்களுக்குத் தரும் அடையாள எண் வேண்டும். இலவசம்தான், ஆனால் பதிவான நிறுவனம் வேண்டுமே! போலி ஆப்களைத் தடுக்கத்தான் இத்தனையும் என்கிறார்கள். ஸ்டோரில் போய் ஏதாவது கடன் ஆப்பைத் தேடிப் பாருங்கள், எத்தனை வந்து விழுகிறது என்று. தடுக்கப்படுவது யார்? ஒட்டுப்பால் கணக்கு எழுதுகிறவன்.

14 நாள் முடிந்த பிறகும் ஒரு படிவம் இருக்கிறது. சோதித்தவர்கள் என்ன கருத்துச் சொன்னார்கள், அதை வைத்து என்ன மாற்றினாய் என்று விளக்க வேண்டுமாம். "எழுத்து சின்னதா இருக்கு, கண்ணாடி இல்லாம தெரியல்ல" என்று ஒருவர் சொன்னார். அதைத்தான் எழுதப் போகிறேன்.