மீன்காரரும் துணிக்காரரும்

"மீனைக் கொடுத்துத் துணியை வாங்கினால் முடிந்தது, நடுவில் பணம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கதையாகவே பார்ப்போம். ஒரு போர்வைக்கு 20 மீன் என்று இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் துணிக்காரர் வீட்டுக்கு இன்று 2 மீன் போதும். மீதி 18 மாலைக்குள் கெட்டுவிடும். சரி, 2 மீனுக்கு ஏற்ற அளவு கிழித்துத் தரலாமா? அந்தத் துண்டு எதற்கும் உதவாது, கிழிந்த போர்வையையும் யாரும் வாங்க மாட்டார்கள். "மீதியை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன்" என்கிறார் மீன்காரர். முன்பின் தெரியாதவரை எப்படி நம்புவது?

இப்போது அதே மீன்காரர் பத்துப் பேருக்கு இரண்டிரண்டு மீனாகக் கொடுத்துப் பார்லி வாங்குகிறார். பார்லி கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும், அளந்து பிரிக்கலாம். துணிக்காரர் வீட்டில் ஏற்கெனவே பார்லி நிறைய இருந்தாலும் வாங்கிக்கொள்வார், ஏனென்றால் நூல் விற்பவரும் அதை மறுக்க மாட்டார். அந்த நிமிடமே பார்லி பணமாகிவிடுகிறது. பழைய மெசபடோமியாவில் அது உண்மையிலேயே அப்படிப் புழங்கியது.

ஆனால் இந்தக் கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பண்டமாற்றை மட்டுமே நம்பி இயங்கி, அதிலிருந்து பணம் பிறந்த சமூகம் எதுவும் பதிவாகவில்லை என்று மானிடவியலாளர் கரோலின் ஹம்ப்ரி 1985-ல் எழுதினார். அக்கம்பக்கத்தார் என்றால், அந்த 18 மீனைக் கடன் கணக்கில் வைத்துக்கொண்டு போர்வையை அன்றே கொடுத்திருப்பார்கள்.