உறுமினதுக்கு ஏன் அடிக்கிறீங்க?

"வயசாயிருச்சு, குட்டி மேல பொறாமை. பேசாம கொண்டுபோய் ஆத்துக்கு அங்கிட்டு விட்டுட்டு வந்துரு." ஒன்பது வருஷம் எங்கள் வாசலைக் காத்த நாய் கருப்பனைப் பற்றி எங்கள் வீட்டிலேயே சொன்னது இது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அண்ணன் தன் மகனின் பிறந்தநாளுக்கு என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்து 50 நாள்தான் ஆகியிருந்தது. கருப்பன் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். மதுரை வெயிலுக்கு அவன் தேடிப் பிடித்த ஒரே ஈர இடம் அது. பின்னால் சுவர், எழுந்து போக வழியில்லை. அண்ணன் நேராகப் போய்க் குட்டியை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டி, "இந்தாடா, உன் தம்பி" என்றார்.

கருப்பன் முகத்தைத் திருப்பினான். உதட்டை நக்கினான். உடம்பு விறைத்தது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. "வேண்டாம், தள்ளிக் கொண்டு போ" என்று ஒரு நாய் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? யாரும் கவனிக்கவில்லை. அப்புறம்தான் உறுமினான். உடனே தலையில் ஒரு அடி.

நாலு நாள் இதே கதை. குட்டியின் பால்பல் ஊசி மாதிரி இருக்கும், அதை வைத்து அவன் காதைக் கவ்வும். மூட்டு வலியோடு எழுந்திருக்கிற கிழவனின் இடுப்பில் ஏறிக் குதிக்கும். அவன் தட்டில் வாய் வைக்கும். அவன் உறுமினால் அடி அவனுக்குத்தான். ஐந்தாம் நாள் உறுமவே இல்லை. "பாத்தியா, திருந்திட்டான்" என்றார் அண்ணன். அன்று சாயங்காலம் கறி எலும்புக்குப் பக்கத்தில் குட்டி போனபோது, சத்தமே இல்லாமல் கடித்தான். குட்டியின் காதில் மூன்று தையல்.

"ஒரு சத்தம்கூடக் குடுக்காமக் கடிச்சிருச்சே!" சத்தம் கொடுத்தபோதெல்லாம் அடித்தது யார்? உறுமல் சண்டை இல்லை, சண்டை வராமல் இருக்க நாய் விடுகிற எச்சரிக்கை. அடித்தால் நாயின் பயமும் வலியும் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். அதோடு, குட்டி பக்கத்தில் வரும்போதெல்லாம் அடி விழுந்தால், குட்டி வந்தாலே அடிதான் என்று அவன் மனசில் பதிந்துவிடாதா?

அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. முதலில் கருப்பனை மருத்துவரிடம் காட்டினேன். இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது என்று நாய்க்கான வலி மருந்து கொடுத்தார். நடையில் ஒரு கம்பிவலைத் தடுப்பு வைத்தேன். குட்டி படுத்த சாக்கை அவன் பக்கமும், அவன் சாக்கைக் குட்டி பக்கமும் மாற்றிப் போட்டேன். முகம் பார்க்கும் முன் வாசனை பழகட்டும்.

சந்திக்க வைப்பதென்றால் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும். தெருவில் நடத்துவார்கள், ஆனால் குட்டிக்குத் தடுப்பூசி முடியவில்லை. நாலு மாதம் ஆகும்வரை ஊசி தொடரும், அதற்குள் தெருவில் இறக்கினால் பார்வோ வைரஸ் நோய் தொற்றிவிடும் என்ற பயம். அதனால் நாயே ஏறாத பக்கத்து வீட்டு மொட்டை மாடியைக் கேட்டு வாங்கினேன். தரை சூடு ஆறின பிறகு ஆளுக்கொரு கயிறு பிடித்து, பத்தடி இடைவெளியில் ஒரே திசையில் நடந்தோம். கயிற்றை இழுத்துப் பிடிக்கக் கூடாது, இழுத்தாலே நாய் விறைத்துவிடும். மூன்று எண்ணும் வரை மோந்து பார்க்க விட்டு, கூப்பிட்டுத் தள்ளிப் போவோம். பத்து நிமிடம் போதும்.

சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. முடிந்ததும் தட்டை எடுத்துவிடுவேன். ஆள் இல்லாத நேரத்தில் இரண்டும் சேர்ந்து இருக்காது. கல்லுக்குப் பக்கத்து இடம் கருப்பனுக்கு மட்டும்தான்.

அதற்காக எல்லா உறுமலையும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. அவன் உறுமி, குட்டி பின்வாங்கி, அவனும் அதோடு விட்டுவிட்டால் நாம் தலையிட வேண்டியதில்லை. குட்டி விடாமல் சீண்டினால் தூக்க வேண்டியது குட்டியைத்தான். குட்டி கத்தியும் அவன் விடாமல் அழுத்தினாலோ, சத்தமில்லாமல் கண்ணாலேயே குட்டியைத் தொடர்ந்து குறி வைத்தாலோ, உடனே பிரித்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

ஆறு வாரம் ஆகிறது. சாப்பாடு இன்னும் தனித்தனிதான். நேற்று மத்தியானம் குட்டி கல்லுப் பக்கம் போனது. கருப்பன் உறுமினான். குட்டி இரண்டு எட்டு பின்னால் வந்து படுத்துக்கொண்டது. அவனும் தலையைத் தரையில் சாய்த்துவிட்டான். அதற்குள் அண்ணன் கையை ஓங்கியிருந்தார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.