ஒரு ஸ்டார், ஒரே வார்த்தை: மொக்கை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, எட்டாவது கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போனது. போனில் ஆடிக்கொண்டிருந்த கேமில் அப்போதுதான் லெவல் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பத் திறந்தால் சேர்த்த காசு மொத்தமும் காலி. மற்றவர்களுக்கும் இப்படியா என்று ரிவ்யூக்களைப் பார்த்தேன். "மொக்கை", "வேஸ்ட்", "காசு போச்சு". எப்போது போச்சு, எப்படிப் போச்சு? ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மச்சானும் அங்கே "தூ" என்று ஒரு ஸ்டார் போட்டிருக்கிறான்!

அறைக்குப் போனதும் ஃப்ளைட் மோடு போட்டுப் பார்த்தேன். விளம்பரம் ஓடும்போது நெட்டை நிறுத்தினால் மூன்று தடவையும் காசு போனது. லெவல் நடுவில் நிறுத்தினால் ஒன்றும் ஆகவில்லை. இதை அப்படியே எழுதினேன், போன் மாடல், கேமின் வெர்ஷன் எண்ணோடு. கேமைச் செய்தவர்கள் அதே மாதிரி செய்து பார்த்தால்தானே பிழையைப் பிடிக்க முடியும்? விளையாடுகிறவர்களுக்கும் ஒரு வரி: சிக்னல் ஆடும் இடத்தில் விளம்பரத்தைத் தொடாதீர்கள், மற்றபடி கேம் நன்றாகவே ஓடுகிறது. மூன்று ஸ்டார். சரிசெய்தால் அதே ரிவ்யூவைத் திருத்தி ஏற்றிவிடலாம்.

மச்சானிடம் காட்டினேன். "இவ்வளவு யாரு மாமா படிப்பா?" என்கிறான்.