காதலர்கள் எப்போது ‘நீ’க்கு வரலாம்?

பழைய நாவலைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, காதலர்கள் பேசும் இடம் வந்ததும் பலருக்கும் கை தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. சிலர் ‘பிராணநாதா’, ‘என் கண்ணின் மணியே’ என்று ராஜா ராணி நாடகத்துக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் சிலர் இன்றைய காலேஜ் ஜோடி மாதிரி பேசவைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் காலம் தொலைந்துபோகிறது. என்னைக் கேட்டால், பழைய சொல்லைத் தேடி ஓட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் காலத்தில் ஒருவரை ஒருவர் எப்படி அழைத்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்ற இரண்டையும் காப்பாற்றினால் போதும், சொற்கள் இன்றைய சொற்களாகவே இருக்கலாம்.

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ (1813) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் டார்சி, நாயகி எலிசபெத் பென்னட்டோடு நடந்துபோகும்போது இரண்டாம் முறை தன் மனதைச் சொல்லும் இடம். நான் இப்படித்தான் எழுதுவேன்: “சென்ற ஏப்ரலில் உங்கள் மனம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்னமும் இருக்கிறது என்றால் உடனே சொல்லிவிடுங்கள். என் அன்பும் விருப்பமும் மாறவில்லை. ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதைப் பற்றி இனி என்றைக்கும் பேச மாட்டேன்.” இதில் ஒரு பழஞ்சொல்கூட இல்லை. ஆனாலும் இன்றைக்கு யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். கல்யாணம் என்ற சொல்லே வரவில்லை, ‘இதைப் பற்றி’ என்பதோடு நின்றுவிடுகிறது. அதை விளக்குகிறேன் என்று “இன்னும் என்னை வெறுக்கிறீர்களா, என்னைக் கட்டிக்கொள்வீர்களா” என்று உடைத்து எழுதினால் அந்த மனிதரின் கூச்சமும் போச்சு, காலமும் போச்சு. எலிசபெத் சொன்ன பதிலை ஆஸ்டின் உரையாடலாகத் தரவே இல்லை, கதைசொல்லியின் வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த இடத்தில் அவள் வாயில் ஒரு வசனத்தைப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள்.

சரி, இப்போது ‘நீ’. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ‘யூ’தான், அதனால் முடிவு நம் தலையில் விழுகிறது. அவள் சம்மதித்ததுமே டார்சியை ‘நீ’ என்று பேசவைத்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. ஆனால் அவள்? அவள் ‘நீங்கள்’ என்றே தொடர்வாள், வேறு மாதிரி எழுத நமக்கு மனம் வராது. விளைவு, அவர் மேலே, அவள் கீழே. முதல் தடவை அவர் மேலே நின்று பேசியதும் அவள் மறுத்ததற்கு ஒரு காரணம்! நாவல் கஷ்டப்பட்டுச் சமன் செய்ததை மொழிபெயர்ப்பு ஒரே எழுத்தில் கவிழ்த்துவிடுகிறது. ஆஸ்டினிடம் நெருக்கத்துக்கு வேறு அடையாளம் இருக்கிறது. அதுவரை ‘மிஸ் பென்னட்’ என்று அழைத்தவர், அந்த நடையின்போதுதான் “அன்பான, அழகான எலிசபெத்” என்கிறார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை முதல் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை லேசில் கிடைப்பதில்லை. ‘நீங்கள்’ அப்படியே இருக்கட்டும், ‘எலிசபெத்’ மட்டும் வரட்டும், வாசகருக்குச் சுருக்கென்று தெரியும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முன்னூறு பக்கமும் ‘மிஸ் பென்னட்’டை விடாமல் காப்பாற்றியிருக்க வேண்டும், நடுவில் வசதிக்காக ‘எலிசபெத்’ என்று ஒருமுறை அவர் வாயில் நழுவவிட்டாலும் இங்கே பலன் இல்லை. (‘செல்வி பென்னட்’ வேண்டாம், அலுவலகக் கடிதம் போல இருக்கிறது.)

ரஷ்ய நாவல் என்றால் கதை வேறு. அங்கே நம்மைப் போலவே இரண்டு சொல் உண்டு, ‘வீ’ என்றால் நீங்கள், ‘தீ’ என்றால் நீ. அதனால் மூலத்தைப் பார்த்து, எங்கே மாறுகிறதோ அங்கேதான் மாற்ற வேண்டும், நம் இஷ்டத்துக்கு இல்லை. டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’வின் இரண்டாம் பாகத்தில் ஓர் அபூர்வமான இடம் வருகிறது. காதலன் விரான்ஸ்கி அன்னாவைப் பார்க்க வந்துவிட்டு, பிரெஞ்சில் பேசுகிறான். ரஷ்ய மொழியில் ‘நீங்கள்’ அவர்களுக்கு நடுவே தாங்க முடியாத குளிர், ‘நீ’ ஆபத்து, இரண்டையும் தவிர்க்கத்தான் பிரெஞ்சு என்று டால்ஸ்டாய் காரணமும் சொல்லிவிடுகிறார். இதைத் தமிழில் என்ன செய்வது? ‘அவன் பிரெஞ்சில் சொன்னான்’ என்று எழுதிவிட்டு, கீழேயே “என்னை மன்னித்துவிடு” என்று போட்டால் டால்ஸ்டாய் தவிர்த்த அந்த ஆபத்தான சொல்லை நாமே போட்டுவிட்டோம் என்று அர்த்தம், வினைமுற்றுக்குள்ளேயே ‘நீ’ ஒளிந்திருக்கிறது.

ஆனால் தமிழில் இதற்கு வழி இருக்கிறது, நாமே தினமும் செய்வதுதான். ஒருவரை நீ என்பதா நீங்கள் என்பதா என்று புரியாதபோது “வந்தாச்சா?”, “கிளம்பலாமா?” என்று பேசிச் சமாளிக்கிறோம் இல்லையா, அதேதான். “வந்ததற்கு மன்னிக்க வேண்டும். பார்க்காமல் ஒரு நாளைக் கழிக்க என்னால் முடியவில்லை.” யாரைப் பார்க்காமல் என்று சொல்லவில்லை, மரியாதையும் இல்லை, உரிமையும் இல்லை. இரண்டு மூன்று வரிக்கு இது அழகாக நிற்கும். உரையாடல் நீளும்போது வாக்கியங்கள் முடமாகத் தொடங்கும், கேள்விகளில்தான் முதலில் தெரியும், சத்தம் போட்டு வாசித்தால் உடனே பிடிபடும். அப்போது ‘நீங்கள்’ பக்கம் போய்விடுவதே மேல். ‘நீ’யை, மூலத்தில் ‘தீ’ வருகிற இடம்வரை தொடாதீர்கள்.