தலையை வெட்டிட்டு முண்டத்தை அனுப்பாதீங்க!

சந்தேகமா ஒரு மெசேஜ் வந்தா போதும், "இது உண்மையாப்பா?"ன்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல என் தலையில கட்டிடுவாங்க. கேக்கறது தப்பே இல்ல. அனுப்புற லட்சணம்தான் வயித்தெரிச்சல். பாதிப்பேர் மெசேஜை அப்படியே ஃபார்வர்ட் பண்றாங்க. லிங்க் உயிரோட இருக்கு, யார் விரல் வேணா படலாம். மீதிப்பேர் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறாங்க, சந்தோஷம். ஆனா அனுப்புனவன் நம்பர் இருக்கற மேல்பகுதியைப் பக்குவமா வெட்டிட்டு, நடுவுல சிவப்பு வட்டம் போட்டு அனுப்பறாங்க! நான் பாக்கவேண்டிய முதல் இடமே அதுதாங்க.

அத்தை அனுப்புனதையே எடுத்துக்கங்க. தபால் துறை பேர்ல வந்த இங்கிலீஷ் மெசேஜ். "உங்க பார்சல் கிடங்குக்கு வந்துடுச்சு, ரெண்டு தடவை டெலிவரிக்கு முயற்சி பண்ணோம், முகவரி முழுசா இல்ல, 48 மணி நேரத்துல சரிபண்ணலைன்னா திருப்பி அனுப்பிடுவோம்." இந்த மோசடியைப் பத்தி மத்திய அரசோட பிஐபி ஃபேக்ட் செக் 2024லயே எச்சரிச்சது. இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. "தலையோட அனுப்புங்க அத்தை"ன்னு கெஞ்சி வாங்கிப் பார்த்தா, மேல +63ன்னு ஆரம்பிக்கற நம்பர். அது பிலிப்பைன்ஸ். மயிலாப்பூர்ல பார்சல் குடுக்க மணிலாவுல இருந்தா மெசேஜ் போடுவாங்க?

நம்ம நாட்டுல பேங்கோ அரசுத் துறையோ எஸ்எம்எஸ் அனுப்பினா, பதிவு பண்ணின பேர்லதான் வரணும். ரெண்டு எழுத்து, ஒரு கோடு, அப்புறம் அந்த நிறுவனத்தோட சுருக்கப்பேர். 2025ல இருந்து கடைசியில -S, -T, -G, -P ன்னு ஒரு எழுத்தும் ஒட்டிக்கும். G அரசு, P விளம்பரம். சாதாரண பத்து இலக்க நம்பர்ல இருந்து "பேங்க்ல இருந்து பேசறோம்"னு வந்தா அங்கேயே முடிஞ்சுது கதை. அதுக்காக, பேர் சரியா இருந்தாலே மெசேஜ் உண்மைன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. அதனாலதான் லிங்க்கையும் படிக்கணும்.

படிக்கணும்னுதான் சொல்றேன், தொடணும்னு சொல்லல! அத்தைக்கு வந்தது இந்த மாதிரி:

```
https://indiapost.gov.in.addr-check7.top/IN
```

"அதான் indiapost.gov.inன்னு போட்டிருக்கே"ன்னு அத்தை என்கிட்ட சண்டைக்கு வராங்க. தபால் முகவரியில ஊர் பேர் கடைசியில வருதில்ல, இதுலயும் அப்படித்தான். https:// தாண்டி வர்ற முதல் சாய்கோடு எங்க இருக்குன்னு பாருங்க. அதை ஒட்டி முன்னாடி இருக்கறதுதான் ஊர். இங்க ஊர் addr-check7.top. அதுக்கு இடதுபக்கம் எவன் வேணா எது வேணா எழுதிக்கலாம். நிஜமான தபால் துறைன்னா indiapost.gov.in முடிஞ்ச உடனே சாய்கோடு வந்திருக்கும்.

அதைவிடக் கேவலம் கடைசி வரி: "Yன்னு பதில் போட்டுட்டு, மெசேஜை மூடித் திரும்பத் திறங்க." அத்தை வெச்சிருக்கறது ஐபோன். தெரியாத நம்பர்ல இருந்து வர்ற லிங்க்கை ஐமெசேஜ் முடக்கியே வைக்கும். நாம பதில் போட்டா, தெரிஞ்சவங்கன்னு நெனச்சுத் திறந்து விட்டுடும். பூட்டை நம்ம கையாலயே திறக்க வெக்கறான், ராஸ்கல்! போன்ல இருக்கற பாதுகாப்பைக் கழட்டச் சொல்ற மெசேஜுக்கு வேற சாட்சியே வேண்டாம்.

இன்னொண்ணு, பார்சல் நம்பர் எங்க? ஸ்பீட் போஸ்ட்னா ரெண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில IN இருக்கும். ஒரு பார்சலைப் பத்தி இத்தனை வரி எழுதறவன் அதோட நம்பரை மட்டும் எழுத மாட்டானாம்.

"எழுத்துப்பிழை இருந்தா போலி"ன்னு இன்னும் பாடம் எடுக்கறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க. இப்பல்லாம் அவன் நம்மளவிட நல்லா எழுதறான்.

bit.ly மாதிரி சுருக்கின லிங்க்கா இருந்தா ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து என்னாலயும் எதுவும் சொல்ல முடியாது. தபால் துறைத் தளத்தை நீங்களே டைப் பண்ணிப் போய், உங்க பார்சல் நம்பரைப் போட்டுப் பாருங்க. ஈமெயில்னா பேரை மட்டும் படம் புடிக்காதீங்க. பேரையோ அதுக்குப் பக்கத்துல, கீழ இருக்கற அம்புக்குறியையோ தட்டினா முழு முகவரி விரியும், அதோட எடுங்க. ஆங், சில போன்கள்ல படத்துல இருக்கற லிங்க்கைத் தொட்டாலும் திறந்துடும். படம்தானேன்னு விரலை வெச்சுத் தேய்க்காதீங்க.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல 'சக்ஷு'ன்னு ஒரு பகுதி இருக்கு, இந்த மாதிரி மெசேஜைப் புகார் பண்றதுக்கே. அங்கயும் ஸ்க்ரீன்ஷாட்தான் கேக்கறாங்க. பணம் போயிட்டா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் போடுங்க. ஆனா "எதுக்கு வம்பு"ன்னு மெசேஜை டெலிட் பண்ணிட்டு, "ஏதோ ப்ளூ கலர்ல இருந்துச்சுப்பா"ன்னு வாயால வர்ணிக்கிற மாமாவுக்கு நான் எதைப் பார்த்துச் சொல்றது?